மாதக் கணக்கில் செத்துப்போகும் கன்றுகள்: ஆண்டுப் பிழைப்பு விகிதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டில் ஆடி மழையோடு கன்று நட்டு, அடுத்த ஆனி முடிவில் எத்தனை மிஞ்சியது என்று எண்ணுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அந்தக் கணக்கைப் பேய்சியன் முறையில் போட இப்போது கல்லூரி மாணவர்கள் ஆர்வமாக வருகிறார்கள். பி-மதிப்பில் ஊறியவர்கள் என்பதால், எண்ணை மாற்றிப் போடுவது போன்ற சின்னப் பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்புகிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். அவற்றில் ஒன்று என்னை இன்னும் எரிச்சலூட்டுகிறது. அதற்குத்தான் அதிக இடம்.

முதலில் சரியான கணக்கு

நாகலூர் பக்கம் ஒரு சரிவில் 24 நாவல் கன்றுகள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து 18 உயிரோடு இருக்கின்றன. பி-மதிப்புக்காரர் "விகிதம் 0.6 என்றே வைத்தால் 18-ம் அதற்கு மேலும் வர வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்பார். விடை 0.096, இதுதான் பி-மதிப்பு. வழக்கமான எல்லையான 0.05-க்கு மேல் போய்விட்டது, எனவே ஒன்றும் சொல்ல முடியாது என்று தாளை மூடிவிடுவார்.

பேய்சியன் முறை வேறு கேள்வியைக் கேட்கிறது: இந்தத் தரவைப் பார்த்த பிறகு, விகிதம் எங்கே இருக்கும் என்று நம்பலாம்? பார்ப்பதற்கு முன் இருந்த நம்பிக்கை முன்பரவல், பார்த்த பின் இருப்பது பின்பரவல். முன்பரவலை Beta(a, b) என்று எழுதினால் கணக்கு மிக எளிது. a-உடன் பிழைத்தவற்றைக் கூட்டு, b-உடன் செத்தவற்றைக் கூட்டு. 0-க்கும் 1-க்கும் இடையே எல்லா விகிதத்துக்கும் சம இடம் தரும், அதாவது தட்டையான, Beta(1, 1)-இல் தொடங்கினால் பின்பரவல் Beta(19, 7). அதன் சராசரி 19/26, அதாவது 0.73. 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய 0.55 முதல் 0.88 வரை. விகிதம் 0.6-ஐ விட அதிகம் என்பதற்கு நிகழ்தகவு 0.93. கன்றுக்குப் பணம் ஒதுக்குபவர் கேட்பது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

தட்டையான முன்பரவலை மாதம் மாதமாக வைப்பது

சேலத்திலிருந்து வந்த ஒரு மாணவர் நல்ல உழைப்பாளி. மாதந்தோறும் மலையேறி ஒவ்வொரு கன்றையும் பார்த்துக் குறித்திருந்தார். ஏழு மாதம் ஒன்றும் சாகவில்லை. எட்டாம் மாதம் ஒன்று, வெயில் ஏறிய அடுத்த இரண்டு மாதங்களில் இரண்டிரண்டு, பிறகு ஒன்று, கடைசி மாதம் ஒன்றுமில்லை. மொத்தம் ஆறு. இந்தக் குறிப்பேட்டை யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு கணினியில் ஒவ்வொரு மாதத்துக்கும் தனி விகிதம் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் Beta(1, 1). பன்னிரண்டையும் பெருக்கி ஆண்டு விகிதம் எடுத்தார். வந்தது 0.46.

"தட்டையான முன்பரவல்தானே சார், அதுல என் கருத்து எதுவுமே இல்லையே" என்றார்.

தம்பி, கண்ணெதிரே நாலில் மூன்று கன்று நிற்கிறது. கணக்கு பாதிக்கு மேல் செத்ததாகச் சொல்கிறது. அந்த எண் அப்படியே அறிக்கையில் போயிருந்தால், தேவையில்லாத கன்றுகளுக்கு ஆர்டர் போயிருக்கும். இருக்கிற கன்றுகளுக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டிய பணம் அதில் கரைந்திருக்கும்.

எங்கே போனது அந்த மிச்சம்? Beta(1, 1) என்பது கற்பனையாகப் பிழைத்த ஒரு கன்றையும் கற்பனையாகச் செத்த ஒரு கன்றையும் சேர்ப்பதற்குச் சமம். ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் ஒரு கற்பனைச் சாவு. மாதத்துக்கு ஒருமுறை சேர்த்தால் பன்னிரண்டு. உண்மையில் செத்தவை ஆறுதான். ஒன்றும் சாகாத ஒரு மாதத்தைப் பாருங்கள்: 24-இல் 24 பிழைத்தும் விகிதம் 25/26 என்றே வரும். இப்படி ஏழு மாதம் பெருக்கினாலே 0.76 ஆகிவிடுகிறது. அதுவரை ஒரு இலைகூட வாடவில்லை.

இதே முறையில் வாரம் வாரம் பார்த்து, 24 கன்றும் ஆண்டு முழுக்க நன்றாக இருந்தால் என்ன விடை வரும்? 25/26-ஐ 52 முறை பெருக்கினால் 0.13. எவ்வளவு அடிக்கடி மலையேறுகிறாரோ அவ்வளவு கன்றுகளை அவர் கணக்கு கொன்றுவிடுகிறது.

மாதத்துக்குத் தட்டை என்றால் "ஒவ்வொரு மாதமும் சராசரியாகப் பாதிக் கன்று சாகும்" என்று முன்கூட்டியே சொல்வதாக அர்த்தம். அதை ஆண்டுக்குப் பெருக்கினால் சராசரி 4096-இல் ஒன்று. கருத்தே இல்லாதது என்று அவர் நினைத்த முன்பரவல், எந்தத் தோட்டக்காரரும் சொல்லத் துணியாத கருத்தைச் சுமந்து நிற்கிறது. ஓர் அளவுகோலில் தட்டையாக இருப்பது இன்னோர் அளவுகோலில் தட்டையாக இருக்காது.

கண்டுபிடிக்க R-இல் இரண்டு வரி போதும். தரவைத் தொடும் முன்பே ஓட்டிப் பாருங்கள்:

```r
x <- replicate(10000, prod(runif(12)))
mean(x > 0.5)
```

விடை 0 என்று வரும். பத்தாயிரம் கற்பனை ஆண்டுகளில் ஒன்றில்கூடப் பாதிக் கன்று தப்பவில்லை. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் அந்த முன்பரவலை வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

சரிசெய்வது எளிது. கேள்வி ஆண்டைப் பற்றியது என்றால் முன்பரவலையும் ஆண்டு விகிதத்தின் மீதே வையுங்கள். மாத விகிதம் வேண்டுமென்றால் ஆண்டு விகிதத்தின் பன்னிரண்டாம் மூலத்தை எடுங்கள். கோடையும் மழைக்காலமும் ஒன்றல்ல என்றால், மாத விகிதங்களை ஒரு பொதுச் சராசரியைச் சுற்றி அமையவிட்டு, அவை ஒன்றுக்கொன்று கடன் கொடுத்து வாங்கும்படி மாதிரியை எழுதுங்கள். அப்போதும் முன்பரவலிலிருந்து எண்களை எடுத்து, பெருக்கி, ஆண்டுக்கு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இன்னொன்று. எல்லாக் கன்றின் கதியும் தெரிந்திருக்கும்போது, ஆண்டு விகிதத்துக்கு 24-இல் 18 என்ற இரண்டு எண்களே போதும். மாதக் குறிப்பேடு சொல்வது எப்போது சாகிறது என்பதை. தண்ணீர் எந்த மாதம் ஊற்றுவது என்று முடிவெடுக்க அது தங்கம். ஆண்டு விகிதத்தை அது துல்லியமாக்காது.

அதே 24 கன்றிலிருந்து முன்பரவல் எடுப்பது

கூடாது. ஒரே சாட்சியை இருமுறை கூண்டில் ஏற்றுவது அது.

நிகழ்தகவு 0.95 தாண்டும்வரை முன்பரவலை மாற்றுவது

பி-மதிப்பின் பழக்கம் இந்த வாசல் வழியாகவும் வரும். முன்பரவலை நடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். பக்கத்துச் சரிவின் பழைய அனுபவம் பத்துக் கன்று அளவுக்குத்தான் நம்பத்தக்கது, அங்கே பத்துக்கு ஆறு பிழைத்தது என்றால் Beta(6, 4). இந்த ஆண்டின் தரவோடு சேர்த்தால் Beta(24, 10), சராசரி 0.71. தட்டையில் வந்த 0.73-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டையும் அறிக்கையில் போடுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகி நின்றால், தரவு போதவில்லை என்று எழுதுங்கள்.

கன்றின் அடையாளச் சீட்டு காணோம் என்றால் செத்தது என்று எழுதுவது

மாட்டுக்கும் குரங்குக்கும் சீட்டு பிடிக்கும். குழியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

24 கன்றை 24 தனிச் சாட்சியாக எண்ணுவது

அந்த ஆறும் ஒரே வரிசையில் இருந்து, ஒரே இரவில் மாடு மேய்ந்து போனவை என்றால், அது ஆறு சாவாக இருந்தாலும் நிகழ்ந்தது ஒரே சம்பவம். Beta கணக்கு ஒவ்வொரு கன்றும் தனித்தனியாகப் பிழைக்கிறது அல்லது சாகிறது என்று எடுத்துக்கொள்கிறது. வரிசை வரிசையாகச் சாகும் இடத்தில் 0.55 முதல் 0.88 என்ற இடைவெளி பொய்யாகக் குறுகியது. குறிப்பேட்டில் கன்றின் எண்ணோடு வரிசை எண்ணும் இருந்தால் வரிசைக்கு ஒரு விகிதம் வைத்துத் திரும்பப் போடலாம். வரிசை எண் இல்லாத குறிப்பேட்டிலிருந்து அதை மீட்க வழியே இல்லை.