'ஓம், ஓம்' என்றால் கேட்டுவிட்டது என்று அர்த்தமில்லை

கொக்குவிலில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 76 வயது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலைந்து வருடங்களுக்கு முன்பு வரை மாலையானால் வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகை பார்த்துவிட்டு, அரசியல் கதைத்துச் சண்டை பிடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். முதலில் நின்றது தொலைபேசி. கனடாவிலிருந்து மகள் எடுத்தால் இரண்டு தரம் 'ஓம், ஓம்' என்பார். பிறகு 'அம்மாவிடம் கொடுக்கிறேன்' என்று கைமாற்றிவிடுவார். அடுத்து கலியாண வீடுகள், அங்கே ஒலிபெருக்கி இரைச்சல் என்றார். கடைசியில் வாசிகசாலையும் நின்றது. விறாந்தைச் சாய்மனைக் கதிரையே உலகம் என்றாகிவிட்டது. 'வயது போனால் மனுசர் இப்படித்தான் அடங்கிப் போவார்கள்' என்று நாங்களே ஒரு தீர்ப்பை எழுதி வைத்தோம். எங்கள் முதல் தவறு அது.

அவருக்குக் காதில் குறை என்று யாரும் நினைக்கவில்லை. படலை திறக்கும் சத்தம் கேட்கும், கோயில் மணி கேட்கும், லொறி போனால் கேட்கும். 'தனக்கு வேண்டியது மட்டும் கேட்கும்' என்று பெரியம்மா கோபிப்பார். உண்மையில் வயதால் வரும் கேள்விக் குறை எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட பகுதிக்குள் நுண்ணிய மயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவற்றில் கீச்சுச் சத்தங்களை வாங்குபவைதான் முதலில் அழிகின்றன; அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் உரத்து வரும். க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுணுக்கம் உயர்ந்த சுருதியில் மெல்லியதாக வரும். ஆகவே ஆள் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. கட்டை, சட்டை, தட்டை, பட்டை நான்கும் அவருக்கு ஒரே சொல். பேரப்பிள்ளைகளின் குரல் மற்றவர்களின் குரலைவிட விளங்காமல் போவதும் இதனால்தான். அதில் பாரபட்சம் ஒன்றுமில்லை.

பின்னர் எடுத்த பரிசோதனைத் தாளில் இது அப்படியே வரைந்திருந்தது. 500 ஹேர்ட்ஸ் சுருதியில் 25 டெசிபெல் சத்தம் அவருக்குக் கேட்டது. 4000 ஹேர்ட்ஸில் 65 டெசிபெல்லுக்கு உயர்த்திய பிறகுதான் கேட்டது. கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து விழுந்தது. சும்மா கைதட்டிப் பார்த்து 'காது கேட்கிறது' என்று முடிவு செய்வது அந்தக் கோட்டின் இடப்பக்கத்தை மட்டும் பார்ப்பதற்குச் சமம்.

எங்கள் இரண்டாவது தவறு கத்தியது. குசினிக்குள் நின்றபடி, தாளிக்கிற சத்தத்துக்கு மேலால், 'பெரியப்பா, தேத்தண்ணீர் வேணுமா?' என்று கூப்பிடுவோம். கத்தும்போது பெரிதாவது பெரும்பாலும் உயிரொலிதான். அவருக்கு எட்டாத நுணுக்கம் அவ்வளவாகப் பெரிதாவதில்லை. அதோடு இப்படிப்பட்ட காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, உரத்த சத்தமோ சட்டென்று வலிக்கிற அளவுக்குப் போய்விடும். 'ஏன் கத்துகிறாய்?' என்று அவர் சினந்ததில் நியாயம் இருந்தது. முன்னால் போய், முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, 'பெரியப்பா' என்று அழைத்து அவர் திரும்பிய பிறகு, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு நிதானமாகக் கேட்டால் போதும். விளங்காவிட்டால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லால் கேட்க வேண்டும். மகளுக்கும் இதையே சொன்னோம்: குரல் அழைப்பை விட்டுவிட்டு, உதடு தெரிகிற காணொளி அழைப்பில் பேசு.

மூன்றாவது தவறுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பெயர்களை மறக்கிறார், கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்கிறார் என்று ஞாபகப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். மின்விசிறி சுற்றும் அறை. முகக்கவசம் அணிந்தவர் மூன்று சொற்கள் சொன்னார்: கதவு, தட்டு, பழம். சில நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டார். பெரியப்பா 'கதவு, பட்டு, பலம்' என்றார். மூன்றில் இரண்டு பிழை என்று குறித்துக்கொண்டார்கள். அவர் காதில் விழுந்ததைத்தானே அவர் நினைவில் வைத்திருந்தார்? ஞாபகத்தை அளப்பதற்கு முன் காதை அளக்க வேண்டும். காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது அதற்கும் முந்திய வேலை. நாங்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தோம். வீட்டில் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றிய கதையைச் சொல்ல எனக்கு வெட்கம், அதைச் செய்யாதீர்கள். ஒரு காது ஓரிரு நாளில் திடீரென்று அடைத்துக் கேளாமல் போனால் அது வேறு நோயாக இருக்கலாம். குறும்பியாக இருக்கும் என்று காத்திராமல் அன்றே போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிகிச்சை பிந்தினால் கேள்வி திரும்பும் வாய்ப்புக் குறையும்.

அதற்காக ஞாபக மறதி முழுவதும் காதின் மாயம் என்று ஆறுதல் கொள்வதும் பிழை. பாதி விளங்கிய வசனத்தை ஊகித்து நிரப்புவதிலேயே மூளை களைத்துவிட்டால், அதைப் பதித்து வைக்க மிச்சம் இருப்பதில்லை. ஊகம் பிழைத்துச் சபையில் சிரிப்பு எழுந்தால் மனிதர் அடுத்த முறை போகமாட்டார். பேச்சும் வாக்குவாதமும் நின்ற மூளைக்கு வேலை குறைகிறது. இந்த மூன்றும் சேர்ந்தே அறிவாற்றல் தேய்வை விரைவுபடுத்துகின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். காதையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் இரத்தக்குழாய் நோய்களுக்கும் இதில் பங்கு இருக்கலாம். உலக அளவில் டிமென்சியா நோயில் ஏறத்தாழ 7 சதவீதம் கேள்விக் குறையோடு தொடர்புடையது என 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு கணித்தது. அது மக்கள்தொகைக் கணக்கு. காது மந்தமான ஒருவருக்கு நோய் வந்தே தீரும் என்று அதை வாசிக்கக்கூடாது.

காதுக்கருவி போட்டால் மறதி வராது என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது கருவி போட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதய, இரத்தக்குழாய் ஆபத்துகள் கூடுதலாக இருந்த, ஏற்கெனவே அறிவாற்றல் குறைந்திருந்த பிரிவினரிடம் மட்டும் தேய்வு 48 சதவீதம் குறைவாக இருந்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியப்பா போன்றவர்களுக்கு அந்தப் பிரிவின் முடிவு பொருந்தக்கூடும்.

கருவி வாங்கிய முதல் வாரமே அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். கரண்டி சத்தம் கத்தி போல வெட்டுகிறது, செருப்புச் சத்தம்கூடக் கேட்கிறது என்றார். வருடக்கணக்காகக் கேட்காத சத்தங்களை மூளை பின்னுக்குத் தள்ளப் பழகக் கிழமைகள் ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமைதியான அறையில், ஒரே ஒருவருடன், நாளுக்கு ஒரு மணிநேரம் என்று மறுபடி தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினோம். கூய் என்று விசில் அடித்தால் பழுது என்று எறியாமல், காதுக்குள் சரியாக இருக்கிறதா, குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் பழகினோம். யாழ்ப்பாணத்துப் புழுக்கத்தில் வியர்வை உள்ளே போய்விடும் என்பதால் இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்கிறோம்.

மூன்று மாதம் கழித்துக் கருவியுடன் மீண்டும் பரிசோதனைக்குப் போனோம். இம்முறை மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். சொல்லப்பட்ட மூன்று சொற்களையும் உடனே பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். சில நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு வந்தன, மூன்றாவது வரவேயில்லை. அது காதின் பிழை அல்ல. ஆறு மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.