ஃபிஃபோவில் சமான அலகு: தொடக்க இருப்பில் எந்தச் சதவீதம்?

முதலில் வந்தது முதலில் முடியும் என்று கொள்ளும் ஃபிஃபோ முறையில் சமான அலகை, அதாவது பாதி முடிந்த வேலையை முழு அலகுகளாக மாற்றிய எண்ணிக்கையை, கணக்கிடும்போது, தொடக்கத்தில் பாதியில் நின்ற அலகுகளுக்கு "எவ்வளவு முடிந்திருந்தது" என்ற சதவீதத்தைப் பெருக்கக் கூடாது. மீதி எவ்வளவு வேலை இந்த மாதம் நடந்தது என்பதுதான் வேண்டும்.

தொடக்க இருப்பு 400 அலகுகள். கூலி, மேற்செலவு வகையில் 60% முடிந்தவை. புதிதாகத் தொடங்கியவை 2,000. மாத இறுதியில் 300 அலகுகள் 50% நிலையில் நிற்கின்றன. சேதம் எதுவும் இல்லை. அப்படியானால் முடித்து அனுப்பியவை 2,100. இதை அப்படியே எடுக்காமல் இரண்டாகப் பிரியுங்கள்: பழைய 400, இந்த மாதமே தொடங்கி முடித்த 1,700.

கூலிக்கும் மேற்செலவுக்கும்: 400 × 40% = 160, அப்புறம் 1,700, இறுதி இருப்புக்கு 150. மொத்தம் 2,010.

மூலப்பொருள் தொடக்கத்திலேயே முழுதாகச் சேர்க்கப்பட்டால் பழைய 400-க்கு இம்மாதம் பூஜ்யம்தான். 1,700 + 300 = 2,000. புதிதாகத் தொடங்கிய எண்ணிக்கையே வருகிறது, சரி.

சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி: பழையது, புதியது என்று பிரிக்காத சராசரி முறையில் வரும் 2,100 + 150 = 2,250-லிருந்து போன மாதமே முடிந்த 400 × 60% = 240-ஐக் கழியுங்கள்; அதே 2,010 வர வேண்டும்.

2,010-ஆல் வகுப்பது இந்த மாதச் செலவை மட்டுமே. தொடக்க இருப்போடு வந்த பழைய செலவு இதில் கலந்தால் அலகு விலை பொய்யாக உயரும். அது அந்த 400 அலகுகளின் அடக்கத்தில் நேராகச் சேர வேண்டியது.