பணம் கட்டும் முன் ஏஜெண்டுக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணமேல்குடிப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த எலக்ட்ரீஷியன் ஒருவர், என் தம்பியின் கூட்டாளி. துபாயில் வேலை, மாதம் 1,400 திர்ஹாம், தங்குமிடம் கம்பெனியுடையது, மொத்தச் செலவு 90,000 ரூபாய், அதில் 40,000 முன்பணம் என்று ஊருக்கு வந்துபோகும் ஒருவர் சொல்லியிருந்தார். அம்மாவின் நகையை அடகு வைக்கப் போகும் முன் என்னிடம் வந்தார். அக்ரிமெண்ட் கேட்டாயா என்றேன். "கேட்டேன் அண்ணே, வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கேன்" என்று போனை நீட்டினார். "சார், கம்பெனி டீட்டெயில்ஸ் கொஞ்சம் அனுப்புங்க சார், பணம் ரெடியா இருக்கு" என்று இருந்தது. அந்த ஒரே வரியில் மூன்று தவறுகள் இருந்தன.

முதலாவது, யாருக்கு எழுதியிருக்கிறார் என்பது. ஊரில் ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் சப் ஏஜெண்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவுச் சான்று வேண்டும். அது பெரும்பாலும் சென்னை, மும்பை போன்ற நகரங்களில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்திடம்தான் இருக்கும். சப் ஏஜெண்டிடம் கேட்டால் அவர் எதையாவது போட்டோ எடுத்து அனுப்புவார். நாளைக்கு அது பொய் என்று தெரிந்தால் அந்த நிறுவனம் "அவர் யாரென்றே தெரியாது" என்று கைகழுவிவிடும். ஆகவே அவரிடம் நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் வாங்குங்கள். emigrate.gov.in தளத்தில் பதிவுபெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் உண்டு. பதிவு நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்பதும் அதில் தெரியும். கடிதத்தை அந்தப் பட்டியலில் இருக்கும் முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் அனுப்ப வேண்டும். விசிட்டிங் கார்டில் இருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்பக் கூடாது. உண்மையான நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் அப்படியே அச்சடித்து, தன் தொலைபேசி எண்ணை மட்டும் போட்டுக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, "டீட்டெயில்ஸ்" என்று மொட்டையாகக் கேட்டது. அப்படிக் கேட்டால் கட்டடத்தின் படமும் லோகோ போட்ட ஒரு தாளும் வரும். ஆள் எடுக்கும் ஏஜெண்டிடம் அந்த வெளிநாட்டு முதலாளி கொடுத்த காகிதங்கள் இருக்க வேண்டும்: எந்த வேலைக்கு எத்தனை பேர், என்ன சம்பளம் என்று சொல்லும் டிமாண்ட் லெட்டர், எங்கள் சார்பில் ஆள் எடுக்கலாம் என்ற அதிகாரப் பத்திரம், ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவம். இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முதலாளியின் பெயரை டிரேட் லைசென்ஸில் உள்ளபடி, அந்த லைசென்ஸ் எண்ணோடும் முகவரியோடும் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது அடிப்படைச் சம்பளம். அந்த இளைஞரிடம் சொன்னது 1,400 என்றுதானே? அது அடிப்படையா, சாப்பாடு, ஓவர்டைம் எல்லாம் சேர்த்ததா என்று யாரும் சொல்லவில்லை. அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் 5 வருடத்துக்கு வருடத்திற்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு. அடிப்படை 1,400 என்றால் வருடத்துக்கு 980 திர்ஹாம். 800 என்றால் 560தான். ஓவர்டைமும் அடிப்படையை வைத்தே ஓடுகிறது. "மொத்தம் 1,400" என்று பேசிவிட்டு 800 அடிப்படை என்று எழுதினால், முழுத் தொகை கைக்கு வர அவர் தினமும் கூடுதல் நேரம் உழைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, "பணம் ரெடி" என்ற சொல். அதைப் படித்தவர் அடுத்து காகிதத்தைத் தேட மாட்டார், அவசரப்படுத்துவார். பணத்தைப் பற்றி எழுதினால் நிபந்தனையாக எழுத வேண்டும். ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். 90,000 என்றதுமே கேள்வி எழ வேண்டும். அமீரகத்தின் தொழிலாளர் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்றே முதலாளிக்குச் சொல்கிறது.

நாங்கள் உட்கார்ந்து திருத்தி எழுதிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, திரு. ……… (கைப்பேசி ………) என்பவர் என்னிடம் துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை இருப்பதாக ……… தேதியன்று தெரிவித்தார். 90,000 ரூபாய் கேட்கிறார். இவர் தங்கள் ஆள்தானா, இந்த வேலைக்குத் தாங்கள்தான் ஆள் எடுக்கிறீர்களா என்பதை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். முதலாளியின் பெயர், டிரேட் லைசென்ஸ் எண், முகவரி, டிமாண்ட் லெட்டரின் நகல், அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுமுறை, டிக்கெட் ஆகியவை குறித்த ஒப்பந்த நகல் ஆகியவற்றை அனுப்பவும். இவற்றைப் படித்துப் பார்த்த பிறகே, சட்டம் அனுமதிக்கும் கட்டணத்தை, தங்கள் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் ரசீது பெற்றுக்கொண்டு செலுத்துவேன். பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் இணைத்துள்ளேன்."

கடைசி வரி வேண்டுமென்றே சேர்த்தது. ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டால் பிறகு வேறு ஏஜெண்டைத் தேடவும் முடியாது. அதைத் திரும்ப வாங்கவே பணம் கேட்ட கதைகளைக் கடற்கரைக் கிராமங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். கடிதத்தை மின்னஞ்சலிலும், பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். போனில் கேட்டது சாட்சியாகாது.

பத்தாவது படித்தவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்று இருக்கும். அவர் அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது ஒப்பந்தம் அரசு அலுவலகத்தின் பார்வைக்குப் போகிறது. பத்தாவது முடித்தவருக்கு அந்தச் சோதனை இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

பதில் வந்தபின் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. ஒப்பந்தம் கேட்டவருக்கு விசா நகல் வருகிறது, அவரும் நிம்மதியாகிவிடுகிறார். விசாவை நன்றாகப் படியுங்கள். சுற்றுலா என்றோ விசிட் என்றோ இருந்தால் அதை வைத்து அங்கே வேலை செய்வது குற்றம். "போய் மாத்திக்கலாம்" என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் விசா முடிந்து, அபராதம் ஏறி, வெளியே தலைகாட்ட முடியாமல் கிடக்கிறார்கள். அமீரகத்தில் முறையாக வேலைக்கு எடுப்பவர், அங்கே மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் ஆஃபர் லெட்டர் தயாரித்து, தொழிலாளியின் கையெழுத்து வாங்கியே பெர்மிட் எடுக்க வேண்டும். கம்பெனி லெட்டர்ஹெட்டில் வரும் வாழ்த்துக் கடிதம் அதற்கு ஈடாகாது.

பதிலே வராவிட்டாலோ, "இதெல்லாம் கேட்டா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும்" என்று மிரட்டினாலோ, கடித நகலோடு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதலாம். வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800 11 3090.

எங்கள் கடிதத்துக்கு ஒன்பதாம் நாள் அந்த நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுப்பது உண்மை, அடிப்படைச் சம்பளம் 900, இதர படி 300, நீங்கள் குறிப்பிட்டவர் எங்களிடம் வேலை பார்ப்பவர் அல்ல, இன்டர்வியூவுக்கு நேரில் வாருங்கள் என்று இருந்தது. நகை வீட்டிலேயே இருந்தது. 900க்குப் போவதா வேண்டாமா என்று அவரும் அம்மாவும் அன்று இரவு கணக்குப் போட்டார்கள்.