ஒரே பலகையைப் பல படங்களிலிருந்து நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூர்ப் பக்கம் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களில், மண்டபத்து முற்றத்தில் குடும்பம் குடும்பமாக நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் உண்டு. கேமரா முக்காலியில் அசையாமல் இருக்கும்; மாமா வீட்டார் நகர்ந்தால் சித்தப்பா வீட்டார் வந்து நிற்பார்கள். பின்னால் உள்ள வெளிர்மஞ்சள் சுவரில் பார்க்கிங் குறித்த நீலநிறக் கன்னடப் பலகை ஒன்று தொங்க, அது நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் மணமக்களின் தோளுக்கு மேலேயே நிற்கும். காவலாளியிடம் சொல்லிப் பத்து நிமிடம் கழற்றி வைத்திருந்தால் வேலையே இல்லை. அது நடக்காத நாட்களில், ஒருமுறை செய்த படிகளைப் பதிந்துவைத்து மற்றப் படங்களிலும் தானாகச் செய்துமுடிக்கும் ஃபோட்டோஷாப்பின் ஆக்‌ஷன் கைகொடுக்கும் என்றாலும், அதைத் தவறாகப் பதிவு செய்தால் ஒரு படத்தில் நேரும் பிழை எல்லாப் படங்களிலும் அப்படியே நேர்ந்துவிடும்.

முதன்மையான தவறு, பலகையைத் தேர்வு செய்து Content-Aware Fill கொடுப்பதையே ஆக்‌ஷனாகப் பதிவு செய்து, அதை எல்லாப் படங்களிலும் ஓடவிடுவது. அந்தக் கட்டளை ஒவ்வொரு படத்திலும் சுற்றியுள்ள பகுதிகளைப் பார்த்து நிரப்புதலைப் புதிதாக உருவாக்குகிறது. நிற்கும் ஆட்கள் மாறும்போது அது எடுத்துக்கொள்ளும் மூலமும் மாறும். ஒரு படத்தில் பலகைக்குப் பின்னால் ஓடும் பழுப்புப் பட்டை சரியாக இணையும். அடுத்ததில் நடுவில் ஒடிந்து நிற்கும். இன்னொன்றில் அத்தையின் பட்டுப்புடவைக் கரை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தனித்தனியாகப் பார்க்கையில் பல படங்கள் தேறிவிடலாம், ஆனால் ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தவுடன் ஒரே சுவர் இரண்டு விதமாக இருப்பது தெரிந்துவிடும்.

இதற்கு மாற்று, நிரப்பும் வேலையை ஒரே ஒரு முறை, கையால், பொறுமையாகச் செய்வதுதான். பலகையை யாரும் மறைக்காத படம் ஒன்றை எடுத்து, Clone Stamp கொண்டு பட்டையின் கோடு நேராக இணையும்படி பலகையை நீக்கி, லேயர்களைச் சேர்த்து plate.psd என்று சேமிக்க வேண்டும்; இதுவே பிளேட். அந்தப் படத்தில் நிற்கும் ஆட்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பலகை இருந்த இடம் மட்டுமே மாஸ்க் வழியாக மற்றப் படங்களில் தெரியப்போகிறது. அதே அளவுள்ள இன்னொரு கோப்பில் பலகைக்கான தேர்வை Save Selection மூலம் board என்ற பெயரில் ஆல்ஃபா சேனலாக வைத்து, mask.psd என்று சேமித்துக்கொள்ளலாம். ஆக்‌ஷனில் பதிவாகும் படிகள் மிகச் சில:

```
Paste
Load Selection: mask.psd, channel "board"
Layer > Layer Mask > Reveal Selection
Save As (PSD)
```

ஓடவிடும் முன் plate.psd முழுவதையும் Select All கொடுத்து Copy செய்து வைத்திருக்க வேண்டும், mask.psd திறந்தே இருக்க வேண்டும். ஒட்டப்படுவது முழுப் படம் என்பதால் கேன்வாஸுடன் அளவு சரியாகப் பொருந்தி, பிக்சலுக்குப் பிக்சல் அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். ஓடி முடியும்வரை வேறெதையும் Copy செய்யக் கூடாது. வாட்ஸாப்பில் ஒரு வரியை நகலெடுத்தாலும் பிளேட் கிளிப்போர்டிலிருந்து போய்விடும்.

அடுத்த தவறு மாஸ்க்கைப் பலகையின் விளிம்பை ஒட்டி வரைவது. குழுப்படத்தில் ஃபோகஸ் ஆட்களின் மீது இருப்பதால் பின்னால் உள்ள பலகை சற்றே மங்கி, அதன் நீலம் விளிம்பைத் தாண்டிச் சுவரில் கசிந்திருக்கும். தேர்வு குறுகினால், பலகை போன இடத்தில் நீலநிறச் சட்டம் ஒன்று மிஞ்சும். பலகையின் நிழலும் சுவரில் விழுந்திருக்கும். பலகை போய் நிழல் மட்டும் தொங்கும் படங்களை அச்சில்கூடப் பார்க்க நேர்கிறது. 6000 × 4000 பிக்சல் கோப்பில், நிழலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, Expand மூலம் பன்னிரண்டு பதினைந்து பிக்சல் விரித்து, மூன்று பிக்சல் அளவுக்கு Feather கொடுத்துத் தொடங்கலாம். மங்கல் கூடுதலாக இருந்தால் விரிவையும் கூட்ட வேண்டும்.

வேலையின் வரிசையைக் குலைப்பது இன்னொரு தவறு. சில படங்களை முன்னதாகவே கிராப் செய்துவிட்டாலோ, நேராக்கிவிட்டாலோ, லென்ஸ் திருத்தத்தைச் சிலவற்றுக்கு மட்டும் கொடுத்தாலோ, பலகை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்காது. Load Selection வேறு கோப்பிலிருந்து தேர்வை எடுக்க, இரண்டு கோப்புகளும் பிக்சல் அளவில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படி நின்றுவிடும். அப்படி நிற்பது நல்லதே, ஏனெனில் பிழை கண்ணில் படுகிறது. அளவு ஒன்றாகவே இருந்து, நேராக்கல் மட்டும் மாறியிருந்தால் ஆக்‌ஷன் சத்தமில்லாமல் ஓடித் தவறான இடத்தில் ஒட்டிவிடும். ஆகவே ராவ் கோப்புகளுக்கு ஒரே வெண்சமநிலையையும் ஒரே லென்ஸ் திருத்தத்தையும் கொடுத்து, கிராப்பைக் கடைசிக்கு ஒதுக்கி, செங்குத்துப் படங்களை வேறு ஃபோல்டரில் பிரித்துவைத்த பிறகே தொடங்க வேண்டும்.

யாராவது முக்காலியைத் தட்டியதால் பலகை சில பிக்சல் நகர்ந்திருந்தால், அந்தப் படங்களுக்கென ஆக்‌ஷனின் நகல் ஒன்றை எடுத்து, மாஸ்க் படிக்குப் பின் Free Transform ஒன்றைச் சேர்க்கலாம். ஒரு பிக்சல் நகர்த்திப் பதிவு செய்து, அந்தப் படியின் உரையாடல் குறியை இயக்கினால், ஒவ்வொரு படத்திலும் ஆக்‌ஷன் நின்று நம் கைக்காகக் காத்திருக்கும். மாஸ்க்கும் லேயரும் இணைந்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே நகரும். கேமராவைக் கையில் பிடித்து, இடம் மாறி மாறி எடுத்த படங்களுக்கு இந்த முறை உதவாது. அவற்றைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூருவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து மூடுவது சாதாரணம். வெயிலில் எடுத்த பிளேட்டை மேகமூட்டத்துப் படத்தில் ஒட்டினால் சுவரில் வெளுத்த சதுரம் ஒன்று தெரியும். படங்களை ஒளி வாரியாக இரண்டு மூன்று தொகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுப்புக்கும் அதன் ஒளியிலேயே எடுத்த படத்திலிருந்து ஒரு பிளேட் செய்வதே சரி. Curves கொண்டு சமாளிக்கலாம் என்று தோன்றும், ஆனால் நிழலின் திசையும் மென்மையும் மாறியிருந்தால் Curves அதைத் திருத்தாது.

சேமிப்பதில் நேரும் தவறுதான் அதிகம் வலிக்கும். Save As பதிவாகும்போது கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, பல கோப்புகளில் ஓடவிடும் Batch உரையாடலில் Override Action “Save As” Commands என்பதைத் தேர்வு செய்யாமல் விட்டால், எல்லாப் படங்களும் ஒரே பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசிப் படம் மட்டும் மிஞ்சும். சேருமிடமாக Save and Close கொடுத்தால் மூலக் கோப்பே மாறிவிடலாம். வேறு ஃபோல்டரைக் காட்டுவதே பாதுகாப்பு. முதலில் மூன்று நான்கு படங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டே மொத்தத்தையும் விட வேண்டும்.

ஜேபெக்காக அல்லாமல் பிஎஸ்டியாகச் சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உயரமான ஒருவரின் தலையோ கொண்டையில் வைத்த மல்லிகைச் சரமோ பலகையின் குறுக்கே வந்திருக்கும் படங்களில், பிளேட்டின் சுவர் அந்தத் தலையை வெட்டிவிடும். மாஸ்க் உயிரோடு இருந்தால், கருப்புத் தூரிகையால் தலைமுடியின் பகுதியை மீட்டுவிடலாம். முடி இழைகளுக்கு இடையே தெரியும் நீலத்தை மட்டும் சிறிய தூரிகை கொண்டு சுவரின் நிறத்தில் தனியாகத் திருத்த வேண்டியிருக்கும். இந்த வேலையைத் தூரிகை வீச்சாக ஆக்‌ஷனில் பதிய முயல்வது வீண்.

முடிந்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் லேயரை Difference நிலைக்கு மாற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். சுற்றியுள்ள சுவரில் லேசான மணல் போன்ற இரைச்சல் மின்னும். ஒரே பிளேட்டிலிருந்து வந்த பகுதி மட்டும் முழுக் கருப்பாக இருக்கும். அந்தக் கருப்பின் ஓரத்தில் பளிச்சென்ற கீற்று தெரிந்தால், ஒரு படத்தில் கேமரா அசைந்து பலகையின் ஓரம் மாஸ்க்கைத் தாண்டியிருக்கிறது. அந்தப் பகுதி முழுவதுமே சாம்பல் பூத்துத் தெரிந்தால், ஒரு படம் வேறொரு ஒளித் தொகுப்பிலிருந்து தவறி வந்து கலந்திருக்கிறது.