தொலைவின் வர்க்கம் பூச்சியமாகிவிட்டால்: பரவளையக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் நோட்டுகளைத் திருத்தும்போது, நான் அந்த வயதில் செய்த அதே தவறை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கூட்டல், கழித்தல் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தாமாகவே கண்ணில் படும்.

சார்பகத்தை மறப்பது

y² = 4x என்னும் பரவளையத்துக்கு (1, 0) என்னும் புள்ளியிலிருந்து உள்ள மிகக் குறைந்த தொலைவைக் காண வேண்டும். வர்க்கமூலத்தை வகைக்கெழு காண்பது தொல்லை என்பதால் தொலைவின் வர்க்கத்தை எடுத்துக்கொள்கிறோம். குறையற்ற எண்கள் கூடக்கூட அவற்றின் வர்க்கமூலமும் கூடும் என்பதால், இரண்டும் ஒரே இடத்தில்தான் மீச்சிறு மதிப்பை அடையும். எனவே இதுவரை தவறில்லை. அடுத்து y²-க்குப் பதிலாக 4x-ஐ இடுகிறோம்.

D² = (x − 1)² + 4x = (x + 1)²

வகைக்கெழுவைப் பூச்சியமாக்கினால் x = −1 வருகிறது; இரண்டாம் வகைக்கெழு 2, மிகை எண். மாணவர் திருப்தியோடு "மிகக் குறைந்த தொலைவு 0" என்று எழுதி அடிக்கோடும் இட்டுவிடுகிறார். புள்ளி வளைவரையின் மேல் இல்லாதபோது தொலைவு எப்படிப் பூச்சியமாகும் என்று ஒரு நொடிகூட யோசிப்பதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

நான் செய்தது இதைவிட மோசம். ஒரு தேர்வில் (1/2, 0) என்னும் புள்ளிக்கு D² = −2 என்று வந்தது. குறையைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு √2 என்று எழுதினேன். சரியான விடை 1/2.

4x என்று எழுதிய கணமே y² ≥ 0 என்னும் செய்தி மறைந்துவிடுகிறது. x ≥ 0 என்று பக்கத்திலேயே நாம் எழுதியாக வேண்டும். அந்தப் பகுதியில் (x + 1)² ஏறிக்கொண்டே போவதால், மீச்சிறு மதிப்பு ஓரமான x = 0-இல், அதாவது முனையில் கிடைக்கிறது; தொலைவு 1. (1, 0) குவியம், x = −1 இயக்குவரை என்பதால், அந்தப் பொய்யான பூச்சியம் இயக்குவரையின் மேல் விழுந்ததும் தற்செயலன்று.

x-ஐ நீக்கிவிட்டு y-ஐ மாறியாக வைத்தால் இந்தப் பொறி இல்லை, ஏனெனில் y எந்த மெய்யெண்ணாகவும் இருக்கலாம். அப்போது y(y²/4 + 1) = 0 என்று வந்து, y = 0 நேராகக் கிடைக்கும்.

y-ஆல் வகுத்துவிடுவது

மேலே உள்ள சமன்பாட்டில் அப்படி வகுத்தால் விடையே காணாமல் போகும்.

வர்க்கமூலம் எடுக்க மறப்பது

கேட்டது தொலைவு.

முனையே எப்போதும் அருகில் என்று நம்புவது

(5, 0)-க்கு x = 3, y = ±2√3, தொலைவு 4; முனையோ 5 அலகு தள்ளியிருக்கிறது. பொதுவாக (c, 0) என்னும் புள்ளிக்கு x = c − 2 என்று வரும். c > 2 எனில் அதை ஏற்கலாம். c மிகை எண்ணாக இருந்து 2-ஐத் தாண்டாவிட்டால் முனைதான் அருகில், தொலைவும் c-தான்.