ஆடித் தள்ளுபடிக்கு முன் உறுப்பினர்களுக்கு ஒரு மின்னஞ்சல்

"உங்களுக்கு மட்டும்" என்று மொட்டையாக எழுதினால் யாரும் நம்புவதில்லை. ஏன் இவருக்கு என்பதை அவருடைய பில்லிலிருந்தே எடுத்துச் சொல்லுங்கள்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். கடந்த 12 மாதத்தில் 3 முறையாவது வாங்கியவர்களை மட்டும் பில்லிங் கணக்கிலிருந்து பிரித்தெடுத்து, இப்படி எழுதலாம்:

"வணக்கம்ங்க. பொங்கலுக்குச் சேலை, சித்திரையில் பவானி ஜமக்காளம், போன மாதம் சென்னிமலைப் போர்வை என்று 3 முறை நம்ம கடைக்கு வந்திருக்கீங்க. அதனால் ஆடித் தள்ளுபடி உங்களுக்கு வியாழன் காலையே தொடங்குது. மற்றவர்களுக்குச் சனிக்கிழமைதான்."

பொருளின் பெயர் பதிவாகாத பில்களில் அந்த இடம் காலியாகப் போய்விடும். அவர்களுக்குத் தனியாக, "3 முறை வந்திருக்கீங்க" என்று மட்டும் எழுதுங்கள். (உள்ளாடை வாங்கியதையெல்லாம் நினைவுபடுத்த வேண்டாம்!)

அப்புறம், எல்லோருக்கும் ஒரே கூப்பன் எண் கொடுக்காதீர்கள். மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றிவிடும். பில் போடும்போது பதிவு செய்த கைபேசி எண்ணைக் கேட்டாலே போதும். கூட்டம் குறைவு என்று வெள்ளிக்கிழமையே எல்லோருக்கும் அந்த விலையைத் திறந்துவிட்டால், தீபாவளிக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலை இவர்கள் திறக்க மாட்டார்கள்.