கிராமில் அல்ல, கலோரியில் சதவீதம் பாருங்கள்

உணவு அறிவியல் கையேட்டின் மாதிரி ஒருநாள் உணவில் மாவுச்சத்து 300 கிராம், புரதம் 70, கொழுப்பு 60 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த ஆற்றலில் ஒவ்வொன்றின் பங்கும் எத்தனை சதவீதம் என்பதே கேள்வி. பலரும் 60-ஐ மொத்த எடையான 430-ஆல் வகுத்து, கொழுப்பு 14 சதவீதம்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அது எடையின் பங்கு. கேட்கப்படுவதோ ஆற்றலின் பங்கு.

அதனால் முதலில் கிராமைக் கிலோகலோரியாக மாற்றுங்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. அப்போது 1200, 280, 540 வரும், மொத்தம் 2020. இப்போது 540-ஐ 2020-ஆல் வகுத்தால் கொழுப்பின் பங்கு கிட்டத்தட்ட 27 சதவீதம், ஏறக்குறைய இரு மடங்கு! மாவுச்சத்து 59, புரதம் 14. மூன்றும் கூடி ஏறக்குறைய 100 வராவிட்டால் எங்கோ பிசகு.

அப்புறம் ஆற்றல் சமநிலை. உட்கொண்டதிலிருந்து செலவைக் கழிக்க வேண்டும். செலவு 2200 என்றால் விடை −180, அதாவது பற்றாக்குறை. கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள்.

கையேட்டின் மொத்தம் உங்களுடையதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் நார்ச்சத்தைப் பாருங்கள். அந்த 300 கிராமில் 30 கிராம் நார் என்றால், அதற்குக் கிராமுக்கு 2 கிலோகலோரிதான். மொத்தம் 1960 ஆகிவிடும்.